எண்ணில்லாத விண்ணப்பம்: கடன் தவணைக்கு அவகாசம் கேட்கும் கடைக்காரருக்கு ஒரு பாடம்

சித்தூர், திருப்பதி வட்டாரக் கிளைகளில் பணிபுரியும் எங்கள் மேசைக்கு ஆண்டு முழுவதும் ஒரே சாயலில் ஒரு கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. சில தமிழில் இருக்கும், பல தெலுங்கில் இருக்கும். கையெழுத்தும் ஊரும் மாறும், உள்ளடக்கம் மாறாது. அது ஏறத்தாழ இவ்வாறு அமைந்திருக்கும்:

"ஐயா, நான் தங்கள் கிளையில் கடைக்காகக் கடன் பெற்றுள்ளேன். இதுவரை ஒழுங்காகத் தவணை கட்டி வந்தேன். இப்போது வியாபாரம் மிகவும் மந்தமாக உள்ளது. வாங்கியவர்கள் பணம் தரவில்லை. குடும்பச் செலவுக்கே சிரமமாக உள்ளது. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து எனக்குச் சிறிது கால அவகாசம் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இக்கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. மரியாதைக் குறைவும் இல்லை. எனினும் இதை வைத்துக்கொண்டு எந்த மேலாளரும் ஒரு முடிவுக்கு வர இயலாது. ஏனெனில் இதில் ஓர் எண் கூட இல்லை. எத்தனை தவணை, எவ்வளவு குறைகிறது, எப்போது சரியாகும் என்பவை எழுதியவரின் மனத்தில் இருக்கலாம், தாளில் இல்லை. சிறு தொகைக்கு மேற்பட்ட கோரிக்கைகள் பல வேளைகளில் கிளையைத் தாண்டி வட்டார அலுவலகத்துக்குச் செல்கின்றன. அங்கே கோப்பைப் படிப்பவர் கடையைக் கண்டதில்லை. கடைக்காரரின் மொழியும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எந்த மொழிக் கடிதத்திலும் அவருக்கு உடனே விளங்குவது எண் ஒன்றே.

எண்ணில்லாத ஒரு கடிதம் எவ்வாறு எண்ணுள்ள கடிதமாகிறது என்பதை ஒரு மாதிரிக் கடையை முன்வைத்து இங்கே படிப்படியாகக் காண்போம். கடையும் அதன் தொகைகளும் கணக்கை விளக்குவதற்காக நாங்கள் அமைத்தவை. சூழல் மட்டும் இந்த வட்டாரத்தின் உண்மைச் சூழல்.

2020-ஆம் ஆண்டின் நினைவு

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். அவகாசம் என்பது கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கும் சலுகை என்று நினைக்கும் வாடிக்கையாளர் பலர் உள்ளனர். இந்நினைப்புக்குக் காரணம் 2020-ஆம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச் 20 முதல் திருமலையில் பக்தர்களின் தரிசனம் நிறுத்தப்பட்டது. நாள்தோறும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்துசென்ற ஊரில் சாமிப் படக் கடை, வளையல் கடை, பொம்மைக் கடை, சிற்றுண்டிச் சாலை என அனைத்தும் ஒரே நாளில் வெறிச்சோடின. ஜூன் 11-ஆம் நாள் பொதுமக்களுக்குத் தரிசனம் மீண்டும் தொடங்கியபோதும் மிகக் குறைந்த எண்ணிக்கையினரே அனுமதிக்கப்பட்டனர்.

அந்த வேளையில் ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று வெளியிட்ட அறிவிப்பால், மார்ச் 1 முதல் மே 31 வரையிலான தவணைகளை ஒத்திவைக்க வங்கிகள் அனுமதிக்கப்பட்டன. பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. திருப்பதிக் கடைக்காரர் தம் விற்பனைக் குறைவை எண்ணால் நிறுவ வேண்டிய தேவை அப்போது எழவில்லை. ஊரே மூடிக் கிடந்ததை அனைவரும் அறிவர்.

அந்த ஏற்பாடு ஆகஸ்ட் 31-ஆம் நாளோடு முடிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு கணக்கும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியதாயிற்று. இன்றைய நிலையும் அதுவே. ஒத்திவைத்த மாதங்களிலும் நிலுவை அசலின்மேல் வட்டி ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். வட்டிக்கு வட்டி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 23 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் வட்டியே கூடாது என்று அது கூறவில்லை. அவகாசத்துக்கு எப்போதும் ஒரு விலை உண்டு.

மாதிரிக் கடையும் மாம்பழப் பருவமும்

நம் மாதிரிக் கடை சித்தூர் மாவட்டத்தில் பங்காருபாளையம் பக்கத்துச் சிற்றூரில் உள்ள மளிகைக் கடை. காலம் 2025 ஆகஸ்ட் மாதத் தொடக்கம். இவ்வட்டாரத்து மளிகைக் கடையின் கல்லாப்பெட்டி மாந்தோப்போடு கட்டப்பட்டது. இங்கு விளைவதில் பெரும்பகுதி கிளிமூக்கு என்று தமிழிலும் தோதாபுரி என்று சந்தையிலும் வழங்கும் மாம்பழம். அதை மிகுதியாக வாங்குபவை பழக்கூழ் ஆலைகள். ஜூன், ஜூலை மாதங்களில் பழம் இறங்கும்; ஆலைப் பணம் வந்ததும் கடைக் கடன் தீரும் என்ற நம்பிக்கையில் விவசாயக் குடும்பங்கள் அரிசியும் எண்ணெயும் பற்றில் வாங்கும்.

2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் விளைச்சல் மிகுந்தது, விலை வீழ்ந்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயை அரசும் தருவதென்று அறிவித்தது. ஆலை வாயில்களில் வண்டிகள் நாட்கணக்கில் காத்துக் கிடந்தன. பழத்தை ஆலை எடுத்துக்கொண்ட பிறகும் பணம் கைக்கு வருவதற்கு நாட்கள் கழியும். அந்த நாட்களின் சுமை விவசாயியின் வீட்டிலிருந்து மளிகைக் கடைக்கும், கடையிலிருந்து வங்கிக் கிளைக்கும் நகர்ந்து வருகிறது.

நம் கடைக்காரர் மூன்று லட்சம் ரூபாய் கடன் பெற்றவர். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு, 36 மாதத் தவணை, மாதம் ரூ.9,964. முதல் தவணை 2024 ஆகஸ்ட் 5. 2025 ஜூலை வரை 12 தவணைகளையும் தவறாமல் கட்டிவிட்டார். மீதியுள்ள அசல் ரூ.2,11,675. அடுத்த தவணையை அவரால் முழுமையாகக் கட்ட இயலாது. அவர்தாம் மேற்கண்ட கடிதத்தை எழுதுகிறார்.

மேலாளர் விடை தேடும் கேள்வி

அக்கடிதத்தைப் படிக்கும் மேலாளர் உள்ளத்தில் முதலில் எழுவது ஒரே கேள்வி. இவருக்கு வர வேண்டிய பணம் தாமதமாகிறதா, அல்லது வருமானமே குறைந்துவிட்டதா? இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். இரண்டிலும் தவணை நிற்கும். ஆனால் மருந்து வேறு. பணம் தாமதமானால் சில மாத இடைவெளி போதும். வருமானம் நிலையாகக் குறைந்திருந்தால், மூன்று மாத அவகாசம் துன்பத்தை மூன்று மாதம் தள்ளிவைக்குமே தவிரத் தீர்க்காது. "வியாபாரம் மந்தம்" என்ற சொற்றொடர் இவ்விரண்டுள் எது என்று கூறவில்லை.

இதற்கு விடை காணக் கடைக்காரர் மூன்று எண்களைத் திரட்ட வேண்டும்: வழக்கமான மாதத்தில் கையில் மிஞ்சும் தொகை, இப்போது மிஞ்சும் தொகை, வெளியே நிற்கும் பற்று.

கணக்கு எழுதாத கடையில் இவற்றை எங்கே தேடுவது என்று பலர் மலைக்கின்றனர். மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுத்த ரசீதுகள் பெரும்பாலும் ஆணியில் குத்தியோ பெட்டியில் கட்டியோ இருக்கும். ஒரு மாத ரசீதுகளைக் கூட்டினால் கொள்முதல் தெரியும். நம் கடையில் வழக்கமான மாதக் கொள்முதல் ரூ.2,11,200. நூறு ரூபாய் விற்பனையில் பன்னிரண்டு ரூபாய் நிற்கும் என்பது அவர் அனுபவம். அதாவது கொள்முதல் விலை என்பது விற்பனையில் நூற்றுக்கு எண்பத்தெட்டு. அவ்வாறாயின் விற்பனை ரூ.2,40,000; நிற்கும் இலாபம் ரூ.28,800. கடையில் இருப்புச் சரக்கு முன்பிருந்த அளவிலேயே இருந்தால்தான் இக்கணக்கு பொருந்தும். திருவிழாவுக்காக மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கிய மாதத்தை எடுத்துக்கொண்டால் விற்பனை பொய்யாகப் பெருத்துக் காட்டும். கைப்பேசி வழியாக வரும் பணத்தின் மாதப் பட்டியலை உடன்வைத்தால், ரசீதுக் கணக்குக்கு அது சான்றாகும்.

அந்த ரூ.28,800-லிருந்து கடை வாடகை ரூ.4,000, மின்சாரமும் சுமைக் கூலியும் ரூ.2,300, வீட்டுச் செலவு ரூ.12,000 ஆகியவற்றைக் கழித்தால் ரூ.10,500 மிஞ்சுகிறது. தவணை ரூ.9,964. ஆகவே வழக்கமான மாதத்தில் தவணை கட்டியபின் ஐந்நூற்றுச் சொச்சமே எஞ்சும். கடை நல்ல நிலையில் இருந்தபோதும் கையிருப்புச் சேர வழியில்லை என்பது இப்போதுதான் அவருக்கே தெரிகிறது.

கடந்த மாதக் கொள்முதல் ரூ.1,54,000. அதன்படி விற்பனை ரூ.1,75,000, இலாபம் ரூ.21,000. அதே செலவுகளைக் கழித்தால் மிஞ்சுவது ரூ.2,700.

மூன்றாவது எண் பற்று நோட்டில் இருக்கிறது. பெயர் பெயராகக் கூட்டிப் பார்த்தால் வெளியே நிற்பது ரூ.64,000. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த மொத்தத்தை அப்படியே எழுதக் கூடாது. ஈராண்டாக வராத பழம்பாக்கியும் அதில் கலந்திருக்கும். நம் கடைக்காரர் பிரித்துப் பார்த்தபோது, பழம் கொடுத்துவிட்டு ஆலைப் பணத்துக்குக் காத்திருக்கும் 14 குடும்பங்களின் பற்று ரூ.46,000. எஞ்சிய ரூ.18,000 எப்போது வரும் என்று அவராலேயே கூற இயலவில்லை. விண்ணப்பத்தில் இடம்பெற வேண்டியது ரூ.46,000 மட்டுமே.

இப்போது மேலாளரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சரக்கு வாங்க வேண்டிய பணம் 14 வீடுகளில் சிக்கியுள்ளது. அதனால் கொள்முதல் குறைந்தது. கொள்முதல் குறைந்ததால் விற்பனை குறைந்தது. பணம் வந்தால் கடை பழைய நிலைக்குத் திரும்பும். இது தாமதம்.

மாறாக, ஊருக்குள் பெரிய அங்காடி ஒன்று வந்து விற்பனை நிலையாக ரூ.1,75,000-இல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாதம் மிஞ்சும் ரூ.2,700-ஐ முழுவதும் கட்டினாலும் ரூ.2,11,675 அசல் தீர ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆகும். எந்த வங்கியும் அதற்கு இசையாது. இசைந்தாலும் கடைக்காரருக்கு நன்மையில்லை. அந்நிலையில் பேச வேண்டியது அவகாசத்தைப் பற்றியன்று. செலவைக் குறைப்பதா, கடையை மாற்றுவதா, வேறு வகையில் கடனின் ஒரு பகுதியை அடைப்பதா என்பதைப் பற்றி. எண்களைத் திரட்டுவதன் முதற்பயன் வங்கியை இசைவிப்பதன்று. தம் நிலையைக் கடைக்காரரே அறிந்துகொள்வது.

மூன்று மாதம் கேட்டால் நான்கு மாதம் நீளும்

அடுத்து, என்ன கேட்பது? "சிறிது கால அவகாசம்" என்பதற்கு இரண்டு பொருள்கள் உண்டு.

ஒன்று, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் ஆகிய மூன்று மாதமும் ஒன்றுமே கட்டாமலிருப்பது. அப்போது மாதம் ஒரு விழுக்காடு வட்டி அசலோடு சேர்க்கப்பட்டால், மூன்று மாத முடிவில் ரூ.2,11,675 என்பது ரூ.2,18,089 ஆகிவிடும். நவம்பர் முதல் அதே ரூ.9,964-ஐக் கட்டினால், 24 தவணைக்குப் பின்னும் பாக்கி இருக்கும், 25-ஆவதாக ரூ.8,225 கட்ட வேண்டும். 2027 ஜூலையில் முடிய வேண்டிய கடன் நவம்பரில் முடியும். மூன்று மாதம் நின்றதற்கு நான்கு மாதம் நீண்டது. அந்த ரூ.8,225 முழுவதும் அவகாசத்தின் விலை.

மற்றொன்று, அம்மூன்று மாதமும் வட்டியை மட்டும் கட்டி, அசலை மட்டும் ஒத்திவைப்பது. மாத வட்டி ரூ.2,117. மூன்று மாதத்துக்கு ரூ.6,350. அசல் வளரவில்லை, ஆகவே கடன் மிகச்சரியாக மூன்று மாதமே நீண்டு 2027 அக்டோபரில் முடியும். முதல் வழியைவிட ரூ.1,875 மிச்சம்.

நம் கடைக்காரர் கையில் மாதம் ரூ.2,700 மிஞ்சுகிறது. வட்டிக்கு அது போதும். தம் எண்ணை அறிந்தவர் இரண்டாவது வழியைக் கேட்பார். அறியாதவர் "கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்" என்று முதல் வழியைக் கேட்பார். மேலும், மாதந்தோறும் ஏதோ ஒரு தொகை வரவாகும் கணக்கை மேலாளர் பார்க்கும் பார்வையும் வேறு. கடை திறந்திருக்கிறது, கடைக்காரர் ஊரில் இருக்கிறார் என்பதற்கு அந்த வரவே சாட்சி.

தொண்ணூறு நாள் கணக்கு

இனி வாடிக்கையாளர் பலருக்கும் கூறப்படாத ஒரு பகுதிக்கு வருவோம். கெடுநாளில் தவணை வரவில்லையென்றால் அன்றிலிருந்து நாள் எண்ணப்படுகிறது. நம் கடைக்காரர் ஆகஸ்ட் 5 தவணையைக் கட்டாவிட்டால், 30 நாள் நிறைவுறும் செப்டம்பர் 4 அன்று கணக்கு ஒரு படி கீழே இறங்கும். 60 நாள் நிறைவுறும் அக்டோபர் 4 அன்று இன்னொரு படி. 90 நாள் நிறைவுறும் நவம்பர் 3 அன்று அது வாராக்கடன் ஆகிவிடும். ஒவ்வொரு நாள் முடிவிலும் இது கணிக்கப்படுகிறது. வாராக்கடன் ஆன பிறகு ஒரு தவணையைக் கட்டி மீள முடியாது. நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய வகைக்குத் திரும்பும்.

அப்படியானால் உடனே அவகாசம் பெற்றுவிடுவதுதானே நல்லது என்று தோன்றும். இங்குதான் கவனம் வேண்டும். கடனாளியின் பண நெருக்கடியைக் காரணமாகக் கொண்டு தவணை அமைப்பை மாற்றுவதற்கு வங்கி விதிகளில் மறுசீரமைப்பு என்று பெயர். பொதுவிதிப்படி, அதுவரை ஒழுங்காக இருந்த கணக்கையும் மறுசீரமைத்த உடனே கீழ்வகைக்கு இறக்க வேண்டும். இயற்கைப் பேரிடர் போன்ற காரணங்களுக்காக ரிசர்வ் வங்கி வகுத்த தனி ஏற்பாடுகளின்கீழ் வருவோர்க்கே இதில் விலக்கு உண்டு. மறுசீரமைப்பு கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டிலும் பதிவாகும்; அடுத்த கடனைக் கேட்கும்போது அது முன்னே வந்து நிற்கும்.

ஆகவே மேலாளர் இன்னொரு வழியையும் எண்ணிப் பார்ப்பார். தவணை அமைப்பை மாற்றாமல், கடைக்காரர் தம்மால் இயன்றதைக் கட்டிக்கொண்டே 90 நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள இயலுமா? மாதம் ரூ.2,500 வீதம் மூன்று மாதம் கட்டினால் ரூ.7,500. வரவு பழைய தவணைக்கே முதலில் செல்லும் என்று கொண்டால், ஆகஸ்ட் தவணையில் ரூ.2,464 மட்டுமே பாக்கி. அதை நவம்பர் 3-க்கு முன் கட்டிவிட்டால், அடுத்து எண்ணப்படுவது செப்டம்பர் 5 தவணை. அதன் தொண்ணூறாம் நாள் டிசம்பர் 4. அதற்குள் ரூ.46,000 பற்றில் பெரும்பகுதி வந்துவிட்டால், நிலுவையையும் நவம்பர் தவணையையும் சேர்த்துக் கட்டித் தீர்த்துவிடலாம். அக்டோபர் வரையிலான நிலுவை ரூ.22,392, நவம்பர் தவணையுடன் ரூ.32,356.

இவ்வழி குறையற்றதன்று. தாமதக் கட்டணம் உண்டு. 2024 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி அது கட்டணமாகவே வசூலிக்கப்பட வேண்டும். அதன்மேல் வட்டி ஏறாது. எத்தனை நாள் தாமதம் என்பதும் கடன் தகவல் ஏட்டில் பதிவாகும். பற்று வசூல் பிசகினால் டிசம்பரில் கணக்கு வீழ்ந்துவிடும். எனினும் கணக்கு ஒழுங்கான வகையிலேயே நீடிக்கும் வாய்ப்பு இதில் உண்டு. இரண்டு வழிகளுள் எது ஏற்றது என்பது 14 குடும்பங்களின் பணம் எப்போது வரும் என்பதைப் பொறுத்தது. எண்ணில்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு இந்த உரையாடலையே தொடங்க முடியாது.

திருத்தி எழுதிய விண்ணப்பம்

மேற்கண்ட கணக்குகளைச் செய்து முடித்த பின், அதே கடைக்காரர் எழுத வேண்டிய கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது:

"கிளை மேலாளர் அவர்களுக்கு வணக்கம். பொருள்: கடன் கணக்கு எண் ……… – மூன்று தவணைகளுக்கு அசல் ஒத்திவைப்பு.

மேற்கண்ட கணக்கில் மூன்று லட்சம் ரூபாய் பெற்று, 2024 ஆகஸ்ட் முதல் 2025 ஜூலை வரை 12 தவணைகளையும் கெடுநாளில் கட்டியுள்ளேன். என் கடையின் மாத விற்பனை வழக்கமாக ரூ.2,40,000, சென்ற மாதம் ரூ.1,75,000. செலவு போக முன்பு ரூ.10,500 மிஞ்சியது, இப்போது ரூ.2,700 மிஞ்சுகிறது.

ஆலைப் பணத்துக்குக் காத்திருக்கும் 14 விவசாயக் குடும்பங்களிடமிருந்து ரூ.46,000 வர வேண்டியுள்ளது. அக்டோபர் முடிவுக்குள் இதில் பாதியேனும் வரும் என்று கணிக்கிறேன்.

ஆகவே 2025 ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வட்டியை மட்டும் (மாதம் ஏறத்தாழ ரூ.2,117) கட்டவும், நவம்பர் 5 முதல் முழுத் தவணை ரூ.9,964-ஐத் தொடரவும், கடன் காலத்தை மூன்று மாதம் நீட்டிக்கவும் வேண்டுகிறேன். இது என் கணக்கின் வகைப்பாட்டைப் பாதிக்குமாயின், வேறு வழி உள்ளதா என்பதை நேரில் பேச விரும்புகிறேன்.

இணைப்பு: ஆறு மாதக் கொள்முதல் ரசீதுகள், கைப்பேசிவழி வரவுப் பட்டியல், பற்று நோட்டின் படி."

கருணை, பணிவு என்ற சொற்கள் இதில் இல்லை. ஆயினும் மதிப்புக் குறையவில்லை. "பாதியேனும்" என்று எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ரூ.46,000 முழுவதும் வந்துவிடும் என்று எழுதி, பிறகு ரூ.23,000 மட்டுமே வந்தால் அடுத்த முறை அவருடைய எண்ணை யாரும் நம்பமாட்டார்கள். பாதி வந்தாலே ரூ.22,392 நிலுவை அடைந்துவிடும். ஆனால் நவம்பர் தவணை விற்பனையிலிருந்து வர வேண்டும். அதையும் மேலாளர் உடனே கணித்துக்கொள்வார்.

கொடுத்த பின் கவனிக்க வேண்டியவை

விண்ணப்பம் கொடுத்ததனாலேயே தவணை நின்றுவிடாது. எழுத்து மூலம் ஒப்புதல் வரும் வரை பழைய தவணையே நடைமுறையில் இருக்கும். தவணை சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கப்படும் ஏற்பாடு இருந்தால், இருப்புக் குறைந்து அது திரும்பும் ஒவ்வொரு முறையும் கட்டணம் விழும். ஆகவே கெடுநாளுக்கு இரண்டு வாரமேனும் முன்பாக விண்ணப்பம் கிளையைச் சேர வேண்டும். மூன்று தவணை தவறிய பின் வரும் கடிதத்துக்கு வங்கியால் செய்யக் கூடியது மிகக் குறைவு. அதற்குள் நாள் எண்ணிக்கை முடிவை நெருங்கியிருக்கும்.

படியில் தேதியுடன் கிளை முத்திரை பெற்றுக்கொள்ளல் நலம். ஒப்புதல் வந்தால், புதிய தவணைத் தொகை, முடியும் மாதம், ஒத்திவைத்த மாதங்களின் வட்டி அசலோடு சேருமா, தனியே கட்டப்படுமா என்ற மூன்றையும் அத்தாளில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். எழுத்து மூலம் தந்த முறையீட்டுக்கு 30 நாளில் விடை வராவிட்டாலும், வந்த விடை நிறைவளிக்காவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரை நாடலாம். ஆனால் அவகாசம் தருவதா மறுப்பதா என்பது வங்கியின் வணிக முடிவு. அம்முடிவை மாற்றித் தருமாறு அங்கே கேட்க இயலாது. விடையே தராமல் இருப்பதும், முடிவை மறைப்பதும்தான் அங்கே கேட்கப்படக் கூடியவை.

இவ்வளவும் செய்ய நம் கடைக்காரருக்கு ஆனது இரண்டு மாலை வேளைகள்: ஒன்றில் ரசீதுகளைக் கூட்டினார், மற்றொன்றில் பற்று நோட்டைப் பிரித்தார். இரண்டாம் மாலையில் அவர் இன்னொன்றையும் கண்டார். வராத ரூ.18,000 பழம்பாக்கி அவருடைய ஏறத்தாழ இரண்டு தவணைகளுக்குச் சமம். அத்தொகை கையில் இருந்திருந்தால் ஆகஸ்ட் தவணைக்கும் செப்டம்பர் தவணைக்கும் அவர் கடிதம் எழுதவே வேண்டியிருந்திருக்காது.